கொட்டாரத்துப் பலகைகள்: பேத்திக்காகத் தமிழில்

பேத்திக்கு,

நாளைக் காலையில் நாம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும்போது இந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொள். அங்கே மலையாளத்தில் உள்ள குறிப்புகளை உனக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் மாற்றவில்லை. அரசர்களின் நீண்ட பட்டப்பெயர்களையும், யாருக்குப் பின் யார் ஆண்டார் என்ற வரிசையையும் விட்டுவிட்டேன். நான்காம் வகுப்பில் அவை உனக்குத் தேவையில்லை. பலகை ஒரே சொல்லில் கடந்து போகிற சில இடங்களில் மட்டும் நான் நின்றுவிட்டேன், நீயும் அங்கே சற்று நில்.

தக்கலையில் பேருந்தை விட்டு இறங்கி உள்ளே நுழைந்ததும், தமிழ்நாட்டில் இருக்கும் அரண்மனையில் மலையாளம் எதற்கு என்று நீ கேட்பாய். நான் பள்ளியில் சேர்ந்தபோது இந்த ஊர் தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. நான் மலையாள எழுத்துப் படித்தது அதனால்தான். 1956 நவம்பர் 1 அன்று மொழியைப் பார்த்து மாநிலங்களைப் பிரித்தபோது, தமிழ் பேசுவோர் மிகுந்த இந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஊர் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் கேரளத்துத் தொல்லியல் துறையிடம் நின்றுவிட்டது. இங்கே எல்லாரும் இதைக் கொட்டாரம் என்றுதான் சொல்வோம். அரண்மனைக்கு மலையாளத்தில் அதுவே பெயர்.

பூமுகம்

இது வீட்டின் முன்வாசல் போன்ற இடம். அரசரைப் பார்க்க வந்தவர்கள் முதலில் இங்கே காத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் மரக்கூரையில் பூக்கள் செதுக்கியிருக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இராது. கூரையிலிருந்து தொங்கும் குதிரை விளக்கையும், சீன வணிகர்கள் தந்ததாகச் சொல்லப்படும் நாற்காலியையும் பார். சீனர்கள் இங்கே எதற்கு வந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

மந்திரசாலை

அரசரும் அமைச்சர்களும் கூடிப் பேசிய அறை மாடியில் இருக்கிறது. சாளரங்களில் கண்ணாடிக்குப் பதிலாக அபிரகம் என்னும் மெல்லிய கல்தகடு பதித்திருப்பதால் வெயில் சுடாமல் உள்ளே வரும். கறுப்பாகப் பளபளக்கும் தரைக்குச் சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரியும், சுண்ணாம்பும், முட்டை வெள்ளையும் கலந்ததாகச் சொல்வார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவோம் என்பதால், அந்தக் குளிர்ச்சியை உன் கால்களே உனக்குச் சொல்லும்.

ஊட்டுப்புரை

இந்த நீண்ட கூடத்தைப் பற்றிய குறிப்பைத்தான் நான் மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும்படி, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு கூடங்கள் கட்டினார்கள். குழந்தைக்கு இது போதும் என்று முதலில் எண்ணினேன். ஆனால், எல்லாருக்கும் சோறு போட்ட நல்ல அரசர் என்று நீ நினைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினால், உனக்குப் பொய் சொன்னவன் நானாகிவிடுவேன். இந்தப் பந்தி அந்தணர்களுக்கு மட்டும் வைத்த பந்தி. நெல் விளைவித்தவர்களுக்கு இங்கே இலை போடவில்லை. நம் வீட்டு முன்னோர்களும் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. ஏன் என்று கேட்டால், அன்று மனிதர்களைப் பிறப்பால் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரித்திருந்தார்கள், அரசும் அதைக் காத்தது என்பதே விடை. ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பீங்கான் சாடிகளையும் மறக்காமல் பார். உன்னை உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு பெரியவை.

தாய்க்கொட்டாரம்

அரண்மனையிலேயே பழைய பகுதி இது. பலா மரத்தில் செதுக்கிய தூணைச் சுற்றி வந்து பார். இங்கே எழுதுவதற்கு அதிகமில்லை, பார்ப்பதற்குத்தான் நிறைய இருக்கிறது.

மார்த்தாண்ட வர்மர்

அரண்மனையை 1601-இல் இரவி வர்ம குலசேகரப் பெருமாள் கட்டத் தொடங்கினார் என்பார்கள். அதைப் பெரிதாக்கியவர், 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர். கல்குளம் என்று இருந்த ஊரின் பெயரைப் பத்மநாபபுரம் என்று மாற்றியவரும் அவரே.

இவர் சிறிய நாடுகளை ஒன்றிணைத்தார் என்று எழுதுவது வழக்கம். தமிழில் நான் பிடித்தார் என்று எழுதுகிறேன், ஏனென்றால் காயங்குளமும் அம்பலப்புழையும் தாமாக வந்து சேரவில்லை. படை அனுப்பித்தான் சேர்த்தார்கள். சொந்த நாட்டில் தம்மை எதிர்த்த பெரிய குடும்பங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தக் கதையின் கொடுமையான பகுதியை உனக்கு இப்போது எழுதவில்லை. அப்படி ஒரு பகுதி இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

1750-இல் அவர் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாம் அந்தக் கடவுளின் வேலைக்காரனாக, பத்மநாப தாசனாக, நாட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இதற்குத் திருப்படித்தானம் என்று பெயர். பக்தியால் செய்தார் என்பது ஒரு விடை. அன்று முதல் அரசரை எதிர்ப்பவன் கடவுளையே எதிர்ப்பவன் ஆனான் என்பது இன்னொரு விடை. இரண்டும் சரியாக இருக்கலாம் என்பது என் கருத்து.

குளச்சல் போர் ஓவியம்

ஓவியத்தில் ஒரு வெள்ளைக்காரர் அரசர் முன் தோற்று நிற்கிறார். அவர் பெயர் டிலனாய். சீனர்களை இங்கே வரவழைத்த வணிகம்தான் இவரையும் வரவழைத்தது. நம் வீட்டில் ரசத்துக்குத் தட்டிப் போடுகிறோமே, அந்த நல்லமிளகை ஐரோப்பாவில் பெரும் விலைக்கு விற்கலாம். டச்சுக்காரர்களின் கம்பெனி, மிளகு முழுவதும் தனக்கே கிடைக்க வேண்டும் என்று விரும்பியது. மார்த்தாண்ட வர்மர் மறுத்தார். கம்பெனியின் படை குளச்சல் கடற்கரையில் இறங்கியது, 1741 ஆகஸ்டில் தோற்றது.

அந்தப் படையிலிருந்து பிடிபட்ட டிலனாயை அரசர் கொல்லவில்லை. அவர் திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்து, வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து, பின்னர் தளபதியாகவும் உயர்ந்து, 1777-இல் இந்த மண்ணிலேயே இறந்தார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். மதியம் சோறு தின்றபின் அங்கே போவோம், அந்தத் தமிழை நீயே படிக்கலாம்.

நவராத்திரி மண்டபம்

கல்லால் கட்டிய மண்டபம் இது. தரை கண்ணாடிபோல உன் முகத்தைக் காட்டும். 1795-இல் தலைநகரை இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்குள்ள சரசுவதி அம்மன் யானைமேல் ஏறி, வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வர, அரச வாள் முன்னே செல்ல, திருவனந்தபுரம் போய்வருகிறாள். களியக்காவிளையில் எல்லை தாண்டும்போது கேரளத்துக் காவலர்கள் அணிவகுத்து வரவேற்பார்கள். என் சிறுவயதில் அங்கே எல்லையே இல்லை. உனக்குக் காலாண்டு விடுமுறை அந்த நேரத்தில் வந்தால் முன்கூட்டியே தகவல் சொல்லச் சொல் உன் அம்மாவிடம். திங்கட்கிழமை மட்டும் கொட்டாரம் அடைத்திருக்கும்.

தாத்தா