ட்ராம்பே சிறு மீன்பிடி ஜெட்டி: வடிவமைப்பு அடிப்படை

மும்பை நகரின் கிழக்குக் கரையில், ட்ராம்பேயில், விசைப்படகுகளுக்கென 54 மீ நீளமுள்ள ஜெட்டி அமையவிருக்கிறது. இங்குள்ள தண்டேல்கள் எனப்படும் படகோட்டிகளிலும் படகுத் தொழிலாளர்களிலும் பலர் கன்னியாகுமரி, ராமநாதபுரம் கரைகளிலிருந்து வந்தவர்கள். படகின் அளவுகளையும் அணையும் முறையையும் அவர்கள் நேரடியாகச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் தமிழ்ப் படி தயாரிக்கப்பட்டது. இந்தியத் தரநிலைகளில் விசைகளுக்கு ஐ.எஸ். 4651, கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, நிலநடுக்கத்துக்கு ஐ.எஸ். 1893 (மண்டலம் III) பின்பற்றப்படும்.

ஓதம்

மட்டங்கள் அனைத்தும் கடல்வரைபட அடிமட்டத்திலிருந்து மீட்டரில் தரப்படுகின்றன. மும்பையின் ஓத அளவீட்டு இடமான அப்போலோ பந்தரின் மதிப்புகளே அடிப்படை.

பதிவான மிக உயர்ந்த நீர்மட்டம்: +5.39
அமாவாசை, பௌர்ணமி ஏற்றச் சராசரி: +4.42
சராசரிக் கடல்மட்டம்: +2.51
அமாவாசை, பௌர்ணமி வற்றச் சராசரி: +0.76
பதிவான மிகத் தாழ்ந்த நீர்மட்டம்: −0.46

அமாவாசை, பௌர்ணமியில் நீர் 3.66 மீ ஏறி இறங்குகிறது. இந்த ஜெட்டியின் உண்மையான சிக்கல் மோதல் விசையில் இல்லை, இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. மேல்தளம் +6.20இல் அமையும். பாரம் ஏற்றிய படகின் மேல் விளிம்பு நீரிலிருந்து 0.9 மீ உயரத்தில் நிற்கும். வற்றத்தில் அந்த விளிம்பு தளத்துக்கு நாலரை மீட்டர் கீழே போய்விடும். மேல்தள ஓரத்தில் மட்டும் ரப்பர் பொருத்தினால், வற்ற நேரத்தில் படகு ஜெட்டிக்கு அடியில் நுழைந்து, நீர் ஏறும்போது உத்திரத்தில் சிக்கிக்கொள்ளும். இதை அனுமதிக்கவே முடியாது. மீன் கூடைகளைக் கைமாற்ற +3.60இல் ஓர் இறங்குமேடையும் படிகளும் கட்டாயம் அமைக்கப்படும்.

படகின் மூழ்காழம் 2.0 மீ; எனவே அணையுமிடத்தின் அடிமட்டம் −2.50 ஆக இருக்கும். இந்தக் கரையில் சேறு விரைவாகப் படியும் என்பதால் ஆண்டுதோறும் ஆழம் அளக்கப்படும்.

அணைவு விசை

வடிவமைப்புப் படகு: நீளம் 18 மீ, அகலம் 5.5 மீ, இடப்பெயர்ச்சி எடை 60 டன். கீழே E மோதல் ஆற்றல், M இடப்பெயர்ச்சி எடை, V அணையும் வேகம், D மூழ்காழம், B அகலம்; Cm படகோடு சேர்ந்து நகரும் நீருக்கான கெழு, Ce சாய்ந்து மோதுவதற்கான கெழு, Cs மென்மைக் கெழு.

```
Cm = 1 + 2D/B = 1 + 2(2.0)/5.5 = 1.73
E  = 0.5 × M × V² × Cm × Ce × Cs
   = 0.5 × 60 × 0.6² × 1.73 × 0.70 × 0.95
   = 12.4 kJ
```

வேகம் விநாடிக்கு 0.6 மீ. பெரிய கப்பலுக்கு இது மிக அதிகம். ஆனால் இங்கே இழுவைப் படகும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. ஓத நீரோட்டத்தின் குறுக்கே, இருட்டில், முதல் ஆளாக ஏலத்துக்கு மீனை இறக்கும் அவசரத்தில் படகு வருகிறது. கால் பங்கு நீளத்தில் சாய்ந்து மோதுவதாகக் கணக்கிட்டால் Ce ஏறத்தாழ 0.51தான் வரும். சிறு படகுகள் பெரும்பாலும் பக்கவாட்டாகவே சாத்தப்படுவதால் 0.70 எடுத்திருக்கிறோம். அசாதாரண மோதலுக்கு 2.0 மடங்கு சேர்த்து, மோதலைத் தாங்கும் ஒவ்வொரு ஃபெண்டரும் 25 கிலோ ஜூல் ஆற்றலை ஏற்க வேண்டும்.

ஜூன், ஜூலை தடைக்காலத்தில் மூன்று படகுகள் அடுத்தடுத்துக் கட்டப்படும். அவற்றின் மோதல்களை ஒன்றாகக் கூட்டத் தேவையில்லை. காற்று, நீரோட்ட விசைகளைக் கூட்ட வேண்டும். கட்டுத்தூண் ஒவ்வொன்றும் 100 கிலோ நியூட்டன் தாங்கும்.

ஃபெண்டர் தேர்வு

சங்கிலியில் தொங்கும் பழைய டயர்களை மீனவர் சங்கம் கேட்டது. மலிவு என்பது உண்மைதான். ஆனால் அவை உறிஞ்சும் ஆற்றல் மிகக் குறைவு, அலையில் ஒதுங்கிவிடும், சங்கிலி மரப் பலகையைக் கிழிக்கும். தளத்தின் முகப்பில் ஒட்டும் ‘டி’ வடிவ ரப்பரும் போதாது, ஏனெனில் படகின் விளிம்பு அதன் சிறு நீளத்தை மட்டுமே அழுத்தும்.

எனவே +0.30 முதல் +6.50 வரை நிற்கும் எஃகுச் சட்டம், அதன் முகத்தில் 0.6 மீ அகல வழுக்குப் பலகை, பின்னால் +1.30இலும் +4.60இலும் தலா ஓர் உருளை ரப்பர் (வெளிவிட்டம் 600 மி.மீ., உள்விட்டம் 300 மி.மீ.) எனத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உருளையின் எதிர்விசை படிப்படியாக ஏறுவது மர உடலுக்கும் நாரிழைப் படகுக்கும் நல்லது. வற்றத்தில் கீழ் ரப்பர் மட்டுமே மோதலைத் தாங்கும்; ஆகவே இரண்டும் தனித்தனியே 25 கிலோ ஜூல் ஏற்க வேண்டும், பங்கிட்டுக் கணக்கிடக் கூடாது. அந்த ஆற்றலில் எதிர்விசை 220 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. தயாரிப்பு வேறுபாடு 10 சதவீதம் சேர்த்து, தூண்கள் 242 கிலோ நியூட்டன் கிடைவிசைக்கும், உராய்வுக் கெழு 0.2 வீதம் ஏறத்தாழ 48 கிலோ நியூட்டன் உராய்வு விசைக்கும் வடிவமைக்கப்படும்.

சட்டங்களின் இடைவெளி 2.7 மீ, அதாவது படகு நீளத்தில் 0.15 பங்கு. வடிவமைப்புப் படகைவிடச் சிறிய வெளிப்பொறிப் படகுகள் படித்துறையில் மட்டுமே அணையும்.

கட்டுமானம்

கீழ் ரப்பரைத் தாங்கும் உத்திரத்தின் அடிப்பக்கம் +1.00. அமாவாசை, பௌர்ணமி வற்றத்தில் சிறிது நேரமே அது நீருக்கு வெளியே தெரியும். அங்கேயே வார்ப்பது கூடாது. முன்வார்ப்பாகச் செய்து பொருத்த வேண்டும். ஓத மண்டலக் கான்கிரீட் எம் 40, கம்பி மறைப்பு 75 மி.மீ., நீர்-சிமெண்ட் விகிதம் 0.40க்கு மேல் போகக் கூடாது. துளைத்தூண்கள் களிமண்ணைக் கடந்து பாறையில் பதியும்.

வரைபடம் இறுதியாகும் முன், களத்தில் ஓர் ஓத அளவுகோல் நட்டு ஒரு முழுச் சந்திர மாதம் நீர்மட்டம் பதிவு செய்யப்படும். அப்போலோ பந்தர் மதிப்புகளிலிருந்து 0.15 மீட்டருக்கு மேல் வேறுபட்டால், சட்டத்தின் இரு முனைகளும் மேடையின் மட்டமும் மாற்றப்படும்.