பதினொன்றாம் வகுப்பு வேதியியல்: சமன்பாடும் மோல் கணக்கும் – சிறுதேர்வு

நேரம் 15 நிமிடம். போட்ட விடை விருப்பங்களில் இருக்கிறதே என்று உடனே வட்டமிட்டுவிடாதீர்கள். தப்பாகப் போட்டாலும் அங்கே ஒரு விடை காத்திருக்கும்.
அணு நிறை: H 1, C 12, N 14, O 16, Ca 40.

1. சரியாகச் சமன்படுத்தப்பட்டது எது?
அ) 2Al + 3O → Al₂O₃
ஆ) Al + O₂ → AlO₂
இ) 4Al + 3O₂ → 2Al₂O₃
ஈ) 2Al + 3O₂ → Al₂O₃

2. சமையல் வாயுவில் உள்ள பியூட்டேன் முழுதாக எரிகிறது: C₄H₁₀ + O₂ → CO₂ + H₂O. மிகச் சிறிய முழு எண்களால் சமன்செய்தால் O₂-இன் குணகம்?
அ) 7 ஆ) 9 இ) 13 ஈ) 26

3. 10 கி CaCO₃ முழுவதும் சிதைந்தால், 0°C, 1 வளிமண்டல அழுத்தத்தில் கிடைக்கும் CO₂ எத்தனை லிட்டர்?
அ) 224 ஆ) 4.4 இ) 5.6 ஈ) 2.24

4. 3.2 கி ஆக்சிஜன் வாயுவில் உள்ள அணுக்கள்?
அ) 6.022 × 10²² ஆ) 1.204 × 10²³ இ) 2.409 × 10²³ ஈ) 1.927 × 10²⁴

5. 28 கி N₂, 4 கி H₂ வினைபுரிகின்றன: N₂ + 3H₂ → 2NH₃. அதிகபட்சம் எத்தனை கிராம் NH₃ கிடைக்கும்?
அ) 34 ஆ) 32 இ) 22.67 ஈ) 11.33

விடையும் சறுக்கிய இடமும்

1. இ. ஆக்சிஜனைத் தனி அணுவாக எழுதியவர் அ. வாய்பாட்டையே மாற்றியவர் ஆ. AlO₂ என்று எழுதிவிட்டால் அது வேறு பொருள்.

2. இ. 6.5 வந்ததும் 7 ஆக்கியவர்கள் அ-வில் விழுந்தார்கள்; இரு பக்கத்தையும் இரண்டால் பெருக்க வேண்டும். H₂O-வுக்கு 5-க்குப் பதில் 10 போட்டால் 9. அணுக்களை எண்ணி, இரண்டால் வகுக்க மறந்தால் 26.

3. ஈ. 4.4-ம் 5.6-ம் முறையே CO₂, CaO-வின் கிராம் அளவுகள். 224 என்றால் கிராமையே மோலாக எடுத்திருக்கிறீர்கள்.

4. ஆ. அ என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கை. 16-ஆல் வகுத்துவிட்டு மறுபடி இரண்டால் பெருக்கினால் இ. கிராமை நேரே அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் ஈ.

5. இ. நிறையைப் பார்த்தால் H₂ குறைவு, மோலில் பார்த்தால் N₂ குறைவு. இரண்டையுமே நம்பாமல் குணகத்தால் வகுங்கள்: N₂ 1/1 = 1, H₂ 2/3 = 0.67. ஆக, வினைக்கட்டுப்பாட்டுக் காரணி H₂. NH₃ = 2 × 2/3 = 1.333 மோல்; 17-ஆல் பெருக்கினால் 22.67 கி. N₂ முழுதும் தீரும் என்று எண்ணியவருக்கு 34 வரும். ஆனால் கையில் இருப்பதே 32 கிராம்தான், அப்புறம் 34 எங்கிருந்து வரும்? அந்த 32-ம் இரண்டு நிறையையும் சும்மா கூட்டியது. NH₃-இன் குணகம் 2-ஐ விட்டால் 11.33. சரிபார்க்க: தீர்ந்த N₂ 18.67 கி, மிச்சம் 9.33 கி, 22.67 + 9.33 = 32.