மக்களே, விளையாட வாங்க!

6 வயது முதல் 10 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு
இலவச விளையாட்டுப் பட்டறை

2026 மே 9 சனி, மே 10 ஞாயிறு
இரண்டு நாளும் காலை 8.30 முதல் 12 மணி வரை

இடம்: வில்லுக்குறி, நூலகத்துக்குப் பின்னால் உள்ள தென்னந்தோப்பு

40 பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். பெயர் கொடுக்கக் கடைசி நாள் மே 6, புதன்கிழமை.

---

இது பிள்ளைகளுக்கு

லீவு விட்டாச்சு. ரெண்டு வாரம் டிவி பார்த்தாச்சு, போனில் கார் ஓட்டியாச்சு, அம்மாவிடம் திட்டும் வாங்கியாச்சு. அடுத்து என்ன?

நுங்கு வண்டி ஓட்டத் தெரியுமா? நுங்கு எடுத்த பனங்காய் ரெண்டு, அவற்றைச் சேர்க்க ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு ஓட நுனியில் கவட்டை உள்ள ஒரு நீளக் கம்பு. அவ்வளவுதான் வண்டி. பெட்ரோல் கேட்காது. வளைவில் திருப்பும்போது மட்டும் கவிழும். கவிழாமல் திருப்புவது எப்படி என்று சொல்லித்தர தோப்பில் ஒரு பாட்டா இருப்பார். நுங்கை நீங்களே தின்று முடித்த பிறகுதான் வண்டி செய்ய ஆரம்பிப்போம், கவலை வேண்டாம்.

ஓலையில் பீப்பி செய்வோம். பச்சைத் தென்னோலையிலிருந்து ஈர்க்கிலைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். ஓலையின் ஒரு நுனியை விரலில் இறுக்கிச் சுற்ற ஆரம்பித்து, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் விலக்கிக்கொண்டே போனால் கூம்பு மாதிரி விரியும். விரிந்த பக்கத்தில் சின்ன ஈர்க்கில் துண்டைக் குத்தினால் பிரியாது. குறுகின வாயை லேசாக அமுக்கி ஊதணும். முதல் தடவை வெறும் காத்துத்தான் வரும். ரெண்டாவது தடவையும் அப்படித்தான். மூணாவதிலோ நாலாவதிலோ "பேங்" என்று ஒரு சத்தம் வரும் பாருங்க, அதற்கப்புறம் உங்களை யாராலும் நிறுத்த முடியாது. (பெற்றோருக்கு: மன்னிக்கவும். பீப்பி வீட்டுக்கும் வரும்.)

ஓலையிலேயே பந்து, வாட்ச், பாம்பு, காத்தாடி எல்லாம் உண்டு. பந்து முடைவது கொஞ்சம் கஷ்டம். ஆறு வயசுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா உட்காருவாங்க.

பல்லாங்குழிக்குப் பலகை தேவையில்லை. மண்ணில் ஏழு குழி உனக்கு, ஏழு குழி எனக்கு. ஒவ்வொன்றிலும் அஞ்சு புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகணும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளணும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எல்லாம் எடுத்துக்கலாம். நடுவில் ஏதாவது ஒரு குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் அது "பசு". குழிக்காரர் உடனே அள்ளிக்கணும். இந்த ஆட்டத்தில் கண் கூர்மையானவர்தான் ராஜா. எங்கள் பக்கத்துத் தெரு ஆச்சி ஒருத்தர் எதிராளியின் குழிகளைத் திரும்பிப் பார்க்காமலே எதில் எத்தனை கொட்டை என்று சொல்லுவார். அவரும் வருகிறார். அவரைத் தோற்கடிக்கலாம் என்று நினைத்தால் வாங்க, பார்ப்போம்.

பாண்டி ஆடுவதற்கு ஓட்டுச்சில்லு நாங்களே விளிம்பு தேய்த்து வைத்திருக்கிறோம். அப்புறம் கிளித்தட்டு, பம்பரம், அஞ்சாங்கல், கண்ணாமூச்சி. ஒன்பது, பத்து வயசுக்காரங்களுக்கு ஆடு புலி ஆட்டமும் உண்டு. மூணே மூணு புலி, பதினைஞ்சு ஆடு. புலி ஆட்டைத் தாண்டித் தின்னப் பார்க்கும். ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கப் பார்க்கும். புலியாக ஆடத்தான் எல்லோரும் முந்துவீங்க. ஆட்டை வைத்து ஜெயிப்பதில்தான் சுகம் என்பது ரெண்டு ஆட்டம் முடியும்போது தெரிஞ்சிடும்.

யார் முதலில் பிடிப்பது? வேறென்ன, சாட் பூட் த்ரீ தான்.

வருவதற்கு முன்னால் ஒரு வேலை

வீட்டில் பாட்டா, ஆச்சி, மாமா, பெரியம்மா, யாரிடமாவது கேளுங்க: "நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது என்ன விளையாடினீங்க? எதை வச்சு விளையாடினீங்க?" புன்னைக்காயை வைத்துக் கோலி ஆடின கதை வரும், கொல்லாங்கொட்டையை வரிசையாக வைத்து அடித்த கதை வரும், குலசேகரம் பக்கத்துச் சொந்தக்காரர் என்றால் ரப்பர் கொட்டைக் கதை வரும். கேட்ட ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நீங்கதான் சொல்லித்தரணும். ஒரே ஆட்டத்துக்கு கடற்கரைப் பக்கம் ஒரு பெயர், மலையோரத்தில் இன்னொரு பெயர் இருக்கும். எது சரி என்று சண்டை போட வேண்டாம். கரும்பலகையில் ரெண்டையும் எழுதுவோம்.

பரிசு, கோப்பை, சர்ட்டிபிகேட் எதுவும் கிடையாது. ஜெயித்தவர் ஜெயித்தார், தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு வரிசையில் நிற்கலாம். நீங்க செய்த பொருள் எல்லாம் உங்களுக்கே.

---

இது பெற்றோருக்கு

நூலக வாசகர் வட்டத்தில் உள்ள நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து இதை நடத்துகிறோம். ஏழு பேர் பெண்கள். ஆசிரியர் வேலையில் ஓய்வு பெற்றவர்கள், கல்லூரியில் படிப்பவர்கள், ஒரு நர்ஸ், ஒரு பனையேறி எல்லாம் இதில் உண்டு. உங்களிடம் எதையும் விற்கவில்லை. டியூஷன் சென்டருக்கு ஆள் பிடிக்கவும் இல்லை. பழைய விளையாட்டு மூளையை வளர்க்கும், கணக்கு வரும் என்றெல்லாம் சொல்லி உங்களைக் கூப்பிடவும் எங்களுக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் ரெண்டு நாள் காலையில் மண்ணில் புரண்டு விளையாடட்டும், அதற்குத்தான்.

பெயர் கொடுப்பது: ஏப்ரல் 27 முதல் மே 6 வரை, மாலை 4 முதல் 6 மணிக்குள் நூலகத்துக்குப் பிள்ளையோடு நேரில் வாருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று நூலகம் திறக்காது. போன் நம்பர் போடாததற்குக் காரணம் உண்டு. பிள்ளை தன் கையால் நோட்டில் பெயர் எழுதட்டும், தோப்பையும் எங்கள் முகத்தையும் முன்கூட்டியே பார்த்து வைக்கட்டும் என்பதுதான். அன்று காலையில் வந்து அழுகிற பிள்ளைகள் அதனால் குறையும். முதலில் வரும் 40 பேருக்கு இடம். அக்கா, தம்பி என்று ஒரே வீட்டிலிருந்து ரெண்டு பேர் வந்தாலும் சரி. நாலு வயசுத் தம்பியை மட்டும் தயவுசெய்து சேர்த்து அனுப்ப வேண்டாம், அவனைப் பார்க்கத் தனியாக ஒரு ஆள் வேண்டியிருக்கும்.

எந்தப் பள்ளி, எந்த மீடியம், எந்தத் தெரு என்று கேட்க மாட்டோம். நடக்கச் சிரமப்படும் பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை, கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிற பிள்ளை என்றால் பெயர் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லுங்கள். பல்லாங்குழியையும் ஆடு புலியையும் மேசையில் வைத்தும் ஆடலாம். தோப்பு வாசலில் படி கிடையாது, சக்கர நாற்காலி உள்ளே வரும்.

வரும் வழி: நாகர்கோவில், தக்கலை இரண்டு பக்கத்திலிருந்தும் பஸ் உண்டு. வில்லுக்குறியில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். ஆனால் அது எந்நேரமும் லாரி ஓடுகிற மெயின் ரோடு. பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். தோப்பு வாசல்வரை கூட்டி வந்து, எங்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டு விட்டுச் செல்லுங்கள். 12 மணிக்கு யார் கூட்டிப் போவார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதின ஆள் வந்தால்தான் அனுப்புவோம். "நான் அவனோட சித்தப்பாதான்" என்று வேறொருவர் வந்து நின்றால் அவரைக் கொஞ்சம் காக்க வைப்போம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொண்டு வர வேண்டியது: தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது துண்டு. அழுக்கானால் நீங்கள் கவலைப்படாத உடுப்பு. புது உடுப்பு போட்டு அனுப்பிவிட்டு எங்களிடம் வருத்தப்பட்டுப் பலனில்லை. வளையல், கம்மல், செயின் வீட்டிலேயே இருக்கட்டும். போனும் அப்படித்தான்.

சாப்பாடு: 10.15-க்கு இடைவேளை. சனிக்கிழமை அவித்த மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்த் துண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டிப்பழமும் சுண்டலும். ரெண்டு நாளும் மோர் உண்டு. நுங்கு சனிக்கிழமை மட்டும். எதுவாவது ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் நோட்டில் எழுதுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு: தென்னந்தோப்பு என்றதும் பெரியவர்கள் முதலில் மேலேதான் பார்ப்பார்கள். சரியான பார்வை. மே 5-ஆம் தேதி ஆள் ஏறித் தேங்காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுவார்கள். ஓலை கிழிக்கும் கத்தியைப் பெரியவர்கள் மட்டுமே தொடுவார்கள். முதலுதவிப் பெட்டியோடு நர்ஸ் இரண்டு நாளும் இருப்பார். மழை வந்தால் நூலக வராந்தாவுக்கு மாறிவிடுவோம், இடி கேட்டால் மழைக்குக் காத்திருக்காமலே மாறிவிடுவோம்.

கிட்டிப்புள் ஏன் பட்டியலில் இல்லை என்று ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டாயிற்று. எங்களில் ஒருவருக்கு இடது புருவத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. அது நாலாம் வகுப்பு லீவில் பட்ட புள். 40 பிள்ளைகள் உள்ள தோப்பில் அதை ஆட விட எங்களுக்குத் தைரியம் இல்லை. அதே போல, பல்லாங்குழிக்கு அழகாக இருக்கும் என்று யாரும் குன்றிமணி கொடுத்து அனுப்ப வேண்டாம். கடித்து விழுங்கினால் அது விஷம். புளியங்கொட்டையும் மஞ்சாடியும் எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது.

போட்டோ எடுப்போம், ஆனால் ஓலைப் பொருட்களையும் கைகளையும் மட்டும். பிள்ளைகளின் முகம் எந்த வாட்ஸாப் குரூப்புக்கும் போகாது. நீங்களும் அடுத்தவர் பிள்ளையைப் படம் எடுக்காதீர்கள்.

ஒரு உதவி: வீட்டில் பழைய பல்லாங்குழிப் பலகையோ பம்பரமோ பரணில் கிடந்தால் ரெண்டு நாளைக்குக் கடன் கொடுங்கள். அடியில் பெயர் எழுதி ஒட்டி, ஞாயிறு மதியமே திருப்பித் தருவோம். விளையாட்டுச் சொல்லித்தர விருப்பமுள்ள பாட்டா, ஆச்சிமாரும் வரலாம். உட்கார நாற்காலி, குடிக்கக் கருப்பட்டிக் காப்பி உண்டு. ஞாயிறு 11 மணிக்கு மேல் பெற்றோரும் தோப்புக்குள் வந்து ஆடலாம். அதற்கு முன்னால் வேலிக்கு வெளியே நின்று "அப்படிப் போடு, இப்படிப் போடு" என்று சொல்வதற்கு மட்டும் அனுமதி இல்லை.

---

நோட்டும் பேனாவும் நூலக மேசையில் இருக்கிறது. மே 6 மாலை 6 மணிக்கு மூடிவிடுவோம்.

*போன தடவை ஒட்டின போஸ்டரை ஆடு தின்றுவிட்டது. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் உயரத்தில் ஒட்டியிருக்கிறோம். எட்டாத பிள்ளைகளுக்கு, பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள் யாராவது வாசித்துக் காட்டுங்கள்.*