இடியாப்பமும் சொதியும்: 10 நிமிட வீடியோவுக்கான ஷொட் லிஸ்டும் ஸ்டோரிபோர்டும்

இடம்: வெள்ளவத்தை, மாமி வீட்டுச் சமையலறை, மூன்றாம் மாடி
நேரம்: சனிக்கிழமை காலை 7.30 முதல் மதியம் 1 மணி வரை
ஆட்கள்: மாமி (சமையல், பேச்சு), தம்பி (பிரதான கமரா), தங்கச்சி (இரண்டாவது போன், எப்போதும் மேலிருந்து), நான் (மைக், இந்தத் தாள்)

கொழும்பில் அறை எடுத்துத் தங்கியிருந்து படிக்கிற, உரலைக் கையால் தொட்டே பார்க்காத ஒரு பிள்ளை இந்த வீடியோவைப் பார்த்துத் தனியாக இடியாப்பம் அவிக்க வேண்டும். எந்த ஷொட் வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் முடிவு செய்திருக்கிறேன். கை என்ன செய்கிறது, செய்த பிறகு மா எப்படி இருக்கிறது என்ற இரண்டும் ஒவ்வொரு படியிலும் படத்தில் இருக்க வேண்டும். மாமியின் முகம் அதற்குப் பிறகுதான்.

நேரப் பங்கீடு

காட்சி 1, தொடக்கம்: 0:00–0:20
காட்சி 2, மாமி அறிமுகம்: 0:20–0:50
காட்சி 3, சாமான்கள்: 0:50–1:40
காட்சி 4, மா குழைத்தல்: 1:40–3:40
காட்சி 5, பிழிதல்: 3:40–5:20
காட்சி 6, அவித்தல்: 5:20–6:10
காட்சி 7, சொதி: 6:10–8:10
காட்சி 8, மா பிழைத்தால்: 8:10–9:10
காட்சி 9, பரிமாறல்: 9:10–10:00

மொத்தம் 35 ஷொட்.

கமராவில் மாற்றக் கூடாதவை

25 பிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 30 பிரேமில் எடுத்தால் சமையலறை லைட் துடிப்பது படத்தில் தெரியக்கூடும். வைட் பலன்ஸும் எக்ஸ்போஷரும் பூட்டி வைக்கவும். பூட்டாவிட்டால் வெள்ளைத் தட்டு சட்டத்துக்குள் வரும்போதெல்லாம் மாவின் சிவப்பு மாறும். கமராவும் இரண்டு போனும் ஏசி அறையில் இருந்தால் 7 மணிக்கே வெளியே எடுத்து வைக்கவும். குளிர்ந்த லென்ஸ் சமையலறைச் சூட்டில் உடனே பனிக்கும்.

ஜன்னல் கடல் பக்கம், அதாவது மேற்கு. காலையில் வெளிச்சம் மென்மையாக வரும், மதியம் திரும்பினால் வெயில் நேரே மேசையில் விழும். 1 மணிக்கு முடிப்பது அதற்காகத்தான். கமரா மேசையின் கதவுப் பக்கம் மட்டும் நிற்கும். ஜன்னல் பக்கம் போய் ஒரு ஷொட் எடுத்தாலும் மாமி உரலை மறு கையால் பிடித்தது போலத் தெரியும்.

ஸ்டோரிபோர்டும் ஷொட்டுகளும்

*காட்சி 1*
1அ. மிக அருகில். தட்டில் நான்கு இடியாப்பம், பின்னால் இருட்டான சுவர், லைட் பின்பக்க இடது மூலையில். ஆவி தெரிய இந்தப் பின்லைட் கட்டாயம். அகப்பையிலிருந்து சொதி விழுந்து நூலுக்குள் இறங்கும்.
1ஆ. அதே இடம். விரல் ஒன்றைப் பிய்க்கும்.

*காட்சி 2*
2அ. மிட் ஷொட். மாமி சட்டத்தின் வலப்பக்கம், ஜன்னல் இடப்பக்கம். "அரிசி மாவும் கொதிதண்ணியும் இருந்தாப் போதும். பயப்பிடாமச் செய்யுங்கோ."
2ஆ. மாமி கையில் மர உரல், அருகில்.

*காட்சி 3*
3அ. மேலிருந்து, எல்லாச் சாமானும் ஒரே சட்டத்தில். இடப்பக்கம் வறுத்த சிவப்பரிசி மா 2 கப், உப்பு, கொதிநீர்க் கேத்தல். வலப்பக்கம் தேங்காய்ப் பால் இரண்டு கிண்ணம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, பாதித் தேசிக்காய். கீழே மூன்றில் ஒரு பங்கு எழுத்துக்கு வெறுமையாக இருக்கட்டும்.
3ஆ. வறுத்த மாவை விரலால் கிள்ளி விடுவது, அருகில்.
3இ. முதற்பாலும் இரண்டாம் பாலும் பக்கத்தில் பக்கத்தில். கெட்டி வித்தியாசம் தெரிய இரண்டையும் கரண்டியால் தூக்கி ஊற்றவும்.

மாமி எதையும் தன் பேணியால்தான் அளப்பா. அதை மாற்றச் சொல்ல வேண்டாம். வெள்ளி இரவே அந்தப் பேணியைக் கப்பால் அளந்து எனக்குச் சொல்லவும், எழுத்தில் கப் அளவு வரும்.

*காட்சி 4*
வீடியோவின் உயிர் இது. இரண்டு கமராவும் ஒன்றாக ஓட வேண்டும், தொடங்கும்போது ஒரு தரம் கை தட்டவும்.
4அ. தண்ணீர் குமிழி விட்டுக் கொதிப்பது. சத்தத்தோடு.
4ஆ. மேலிருந்து: உப்புக் கலந்த மாவின் நடுவே கொதிநீர் விழுகிறது. நீர் எங்கே படுகிறது, மா எப்படிக் குவிகிறது என்பது இந்த ஷொட்டில் மட்டும்தான் தெரியும்.
4இ. பக்கத்திலிருந்து: அகப்பைக் காம்பால் கிளறுவது. "தண்ணி கொதிச்சுக் கொண்டே இருக்கோணும். ஆறின தண்ணி விட்டா இடியாப்பம் அறுந்து போகும்."
4ஈ. இரண்டாம் தரம் கொஞ்சம் நீர் விடுவது. இதைத்தான் நாம் விட்டுவிடுவோம். மாமிக்கு அது தன்னையறியாமல் வரும் கைப்பழக்கம், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கேத்தலைத் தொடும் முன் நான் "கமரா" என்று சொல்லுவேன்.
4உ. கை பொறுக்கும் சூட்டில் குழைப்பது, மிக அருகில்.
4ஊ. ஒரு உருண்டையை அமர்த்திக் காட்டுவது: விரிசல் இல்லை, விரலில் ஒட்டவும் இல்லை. ஐந்து செக்கன் அசையாமல் பிடிக்கச் சொல்லவும்.

*காட்சி 8 (4 முடிந்த கையோடு எடுப்பது)*
மாவும் கொதிநீரும் மேசையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.
8அ. நீர் குறைந்த மா: உருண்டை வெடிப்பது.
8ஆ. நீர் கூடிய மா: கையில் ஒட்டுவது.
8இ. சரியான மா நடுவில், மற்ற இரண்டும் இருபுறம், மேலிருந்து.
இதற்காகவே மாவை நான்கு கிண்ணத்தில் பிரித்து வைக்கவும்: எடுப்பதற்கு ஒன்று, பிழைத்தால் மாற்றுக்கு ஒன்று, காய்ந்ததற்கும் இளகியதற்கும் அரைக் கப் வீதம் இரண்டு.

*காட்சி 5*
5அ. உரலில் மா நிரப்புவது. எவ்வளவு உயரம் வரை என்பது தெரிய வேண்டும்.
5ஆ. முன்னாலிருந்து மிட் ஷொட்: மாமியின் தோளும் இரண்டு கையும். பலம் எங்கிருந்து வருகிறது என்பதை இது காட்டும்.
5இ. மிக அருகில்: துளைகளிலிருந்து நூல் இறங்குவது.
5ஈ. மேலிருந்து: தட்டில் வட்டமாகச் சுற்றுவது. ஒரு முழு இடியாப்பம், வெட்டாமல்.
5உ. நூலைத் தட்டின் ஓரத்தில் அறுப்பது.
வளையலை மாமி 4இல் கழற்றி வைத்தால் 5இலும் போடக் கூடாது. தங்கச்சி ஒவ்வொரு காட்சி முடிவிலும் மாமியின் கையை ஒரு போட்டோ எடுத்து வைக்கவும்.

*காட்சி 6*
6அ. தட்டுகள் நீராவிப் பானைக்குள் இறங்குவது. 6ஆ. மூடி மூடுவது. 6இ. மூடி திறப்பது. முதல் ஆவி ஒரு தரம்தான் வரும். கமராவைத் தள்ளி வைத்து ஸூமில் எடுக்கவும், கிட்டே போனால் லென்ஸ் பனித்துவிடும். 6ஈ. விரலால் தொட்டுப் பார்ப்பது. "கையில ஒட்டாட்டி வெந்திட்டுது."
6ஆவுக்கும் 6இக்கும் இடையில் எட்டு முதல் பத்து நிமிடம் கிடைக்கும். அந்த நேரத்தில் 7அ எடுத்துவிடலாம்.

*காட்சி 7*
7அ. வெங்காயமும் மிளகாயும் வெட்டுவது, மேலிருந்து.
7ஆ. இரண்டாம் பாலில் வெங்காயம், மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு விழுவது. ஒவ்வொன்றும் தனித்தனியாக.
7இ. கொதிப்பதும் வெங்காயம் வெந்ததும், அருகில்.
7ஈ. அடுப்பைக் குறைக்கும் கை. திருகு மட்டும் சட்டத்தில்.
7உ. முதற்பால் விடுவதும் துழாவுவதும். "இனிக் கொதிக்க விடக் கூடாது, பால் திரைஞ்சு போகும்."
7ஊ. அடுப்பை அணைக்கும் கை.
7எ. தேசிப்புளி பிழிவது. பின்னால் அடுப்பு அணைந்திருப்பது கட்டாயம் தெரிய வேண்டும்.
7ஈ, 7ஊ இரண்டும் பார்க்கச் சின்ன ஷொட்டுகள். அவை இல்லாவிட்டால், வாயால் எத்தனை தரம் சொன்னாலும், பார்க்கிற பிள்ளை கொதிக்கும் சட்டிக்குள் புளியை விட்டுவிடும். அந்த இரண்டுக்கும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறேன்.

*காட்சி 9*
9அ. மேசை, வைட் ஷொட். 9ஆ. மாமி பரிமாறுவது. 9இ. மாமி ஒரு வாய் சாப்பிட்டு நிமிர்ந்து பார்ப்பது. பேச்சு வேண்டாம்.

எடுக்கும் ஒழுங்கு

7.30 லைட், மைக்
8.00 காட்சி 3
8.30 காட்சி 4, உடனே 8
9.45 காட்சி 5
10.30 காட்சி 6, இடையில் 7அ
11.00 காட்சி 7
11.50 எடுத்து வைத்த இரண்டாவது தட்டுகளை அவிக்கத் தொடங்குவது
12.05 காட்சி 1, 9
12.30 காட்சி 2

அறிமுகத்தைக் கடைசிக்குத் தள்ளியது யோசித்துத்தான். காலையில் கமராவைப் பார்த்துப் பேச மாமிக்குக் கூச்சமாக இருக்கும், மதியத்துக்குள் அது போய்விடும். சேலையில் மா படாதபடி அதுவரை மேலே துணி கட்டியிருக்கட்டும். காட்சி 1க்கு ஆறிய இடியாப்பத்தைச் சுட வைத்து எடுக்க முடியாது, நூல் காய்ந்து தெரியும். அதனால்தான் 11.50க்கு இரண்டாம் அவியல். அதற்கான நான்கு தட்டையும் காட்சி 5 முடியும்போதே பிழிந்து ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும்.

சத்தம்

ரயில் கீழே கடற்கரைப் பாதையால்தான் போகும். வரும் சத்தம் கேட்டால் மாமி பேச்சை மட்டும் நிறுத்தட்டும், கை நிற்கக் கூடாது. படம் பயன்படும், அந்த வசனத்தைப் பிறகு தனியாகப் பதிவோம். மின்விசிறியும் ஃபிரிட்ஜும் நிறுத்தியிருக்கும். காட்சி 7 முடிந்ததும் யாரும் அசையாமல் 30 செக்கன் வெறும் அறையின் சத்தம் பதியவும்.

அடையாளம் இடும் முறை

எடுத்தவுடன் ஒற்றைக் கோடு. நான் போனில் திரும்ப ஓட்டிப் பார்த்து, ஃபோகஸும் கையும் சரி என்றால் இரட்டைக் கோடு. இரட்டைக் கோடு விழாத ஷொட் எடுக்காத ஷொட்தான். காட்சி 4, 5, 7இன் எல்லா ஷொட்டுக்கும் இரட்டைக் கோடு விழும் வரை உரல், மாக் கிண்ணம், சொதிச் சட்டி எதையும் கழுவக் கூடாது. மாமி பழக்கத்தில் உடனே கழுவப் போவா, தங்கச்சி அவவைக் கதையில் வைத்திருக்கவும்.

36. ஃபிரிட்ஜைத் திரும்பப் போட்டது, தம்பி: ☐