கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில், 1961

தைப்பொங்கல் காலை எடுத்த படம். கதிரையில் இருப்பவர் எங்கள் அம்மம்மா. மடியில் கைக்குழந்தையாக எங்கள் அம்மா. பின்னால் நிற்பவர் அம்மப்பா. செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். பொங்கலன்றும் சட்டைப் பையில் பேனா இருக்கிறது, பாருங்கள். வலப்பக்கம் இரட்டைப் பின்னலுடன் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா.

பெரியம்மாவின் கையைப் பிடித்திருக்கும் சிறுவன் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை. படம் எடுக்கும் நேரத்தில் ஓடிவந்து நின்றுவிட்டான். அம்மம்மா அவனை விலகச் சொல்லவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் அவரை அண்ணா என்றே அழைத்து வளர்ந்தார்கள். எங்களுக்கு அவர் மாமா. தாய்மாமன் இல்லாத வீட்டில் அந்த இடம் அவருடையதுதான்.

படம் எடுத்தவர் அம்மப்பாவின் தம்பி. அதனால்தான் அவர் இதில் இல்லை.