17.11.2018 — அந்த நோட்டுப் பக்கம்

கலைக்குப் பிறந்தநாள்! 🌴

எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோ போடுவாங்க. நான் ஒரு நோட்டுப் பக்கத்தைப் போட்டிருக்கேன். முழுக்கக் கோடு கோடா இருக்கறதைப் பார்த்து நீங்க குழம்ப வேணாம். கலைக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிருக்கும்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. விடியறதுக்குள்ள கஜா கரையைக் கடந்து போயிருச்சு. திருச்சி ஹாஸ்டல் வராண்டாவுல உக்காந்து அப்பா நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருந்தேன். ரிங்கே போகல. நீ வந்து சமாதானம் எதுவும் சொல்லல. என் பையில ரெண்டு சுடிதார், டார்ச், மெழுகுவத்தி, ரெண்டு பாக்கெட் பிரெட்டு எடுத்து வச்ச. அப்புறம் உன் பையையும் தோள்ல மாட்டிக்கிட்ட.

"நீ எதுக்குடி?"

"பேசாம நட."

தஞ்சாவூர் வரைக்கும் பஸ். அங்கேருந்து ஒரத்தநாடு. அதுக்கப்புறம் ரோடே தெரியல, மரம்தான் கிடந்துச்சு. ஊர்க்காரங்க அறுத்து ஒதுக்கின இடத்துல எல்லாம் ஒரு மினி லாரிக்காரர் ஏத்திக்கிட்டுப் போனார். பட்டுக்கோட்டைக்கு முன்னாடியே எங்க ஊர் விலக்கு. அங்க இறங்கி, விழுந்து கிடந்த கரண்ட் கம்பத்தையும் தென்னையையும் தாண்டித் தாண்டி நடந்தோம். உன் செருப்பு வார் அறுந்து போச்சு. கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட வந்த. கரூர்ப் பொண்ணு, அதுக்கு முன்னாடி எங்க ஊர்ப் பக்கம் வந்ததுகூட இல்ல.

வீட்டு ஓடு பாதி இல்ல. அம்மா எங்களைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. அப்பா திண்ணையில உக்காந்து கொல்லையையே பார்த்துக்கிட்டு இருந்தார். சாப்பிடல, பேசல. என்னைப் பார்த்தும் பேசல. எங்க ஊர்ல தென்னையைப் பிள்ளைன்னுதான் சொல்வோம். 140 பிள்ளை வச்சிருந்தார். வேரோட பேந்து, கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பக்கமா தலையைச் சாய்ச்சுக் கிடந்துச்சு.

மறுநாள் காலையில, நீ உன் ரெக்கார்டு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கிட்டு அப்பா முன்னாடி போய் நின்ன.

"அப்பா, வாங்க, எண்ணிருவோம். நாளைக்குக் கணக்கு கேட்டா குடுக்கணும்ல?"

நான் பயந்துட்டேன். ஆனா அவர் எந்திரிச்சார். முதல் மரத்துக்கிட்ட போய் அடிமரத்துல கையை வச்சு, "இது எங்கப்பா வச்சது ஆயி"ன்னார். ரெண்டு நாளா பேசாதவர். நீ ஒரு கோடு போட்ட. அடுத்தது, "இது உன் கூட்டாளி பொறந்த வருஷம் வச்சது." இன்னொரு கோடு. நாலு கோடு நிறுத்தி, அஞ்சாவதைக் குறுக்கே போட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் அவர் சொன்னதை முழுசாக் கேட்டுட்டுத்தான் அடுத்ததுக்கு நகர்ந்த. எனக்கே தெரியாத கதை எல்லாம் உன்கிட்ட சொன்னார். மதியம் ஆயிருச்சு.

கடைசிக் கட்டுல நாலு கோடுதான் இருக்கு பாருங்க. அஞ்சாவது போட நீ பேனாவை வச்சப்ப அப்பா உன் கையைப் பிடிச்சார். "அது சாஞ்சுதான் நிக்குது ஆயி. பொழைச்சுக்கும். போடாத."

129.

அப்புறம்தான் அழுதார். கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல, குடிக்கத் தண்ணி இல்ல. கீழ கிடந்த இளநியைச் சீவி உன் கையில முதல்ல குடுத்தார். அன்னைக்கு ராத்திரி அம்மா வச்ச கஞ்சியை அவர் குடிச்சதும் நீ கேட்டதாலதான்.

திங்கக்கிழமை உன்னை பஸ் ஏத்திவிட வந்தேன். தஞ்சாவூர் கிட்ட வந்ததும் டவர் கிடைச்சுச்சு. உன் போன் விடாம அடிக்குது, மெசேஜ் மேல மெசேஜ். எட்டிப் பார்த்தேன். ஹாப்பி பர்த்டே, ஹாப்பி பர்த்டே, ஹாப்பி பர்த்டே...

நோட்டுல நீயே எழுதின தேதி, 17.11.2018. உன்னோட 20-வது பிறந்தநாள். ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு ஞாபகமே இல்ல. அந்த பஸ்ஸுலயே ஓன்னு அழுதேன். நீ என் முகத்தைத் துடைச்சுவிட்டு, "அதான் அப்பா இளநி வெட்டிக் குடுத்தாருல்ல, போதும்"ன்ன.

எனக்குப் போதாதுடி. அன்னைக்குச் சொல்லாம விட்டதை ஒவ்வொரு வருஷமும் சேர்த்துச் சொல்றேன், இன்னும் தீரல. எங்கப்பாவை எனக்குத் திருப்பிக் குடுத்தவ நீ. அந்த நோட்டை அவர் நிலப் பத்திரத்தோட பீரோவுல வச்சிருக்கார். போட்டோ எடுக்கக்கூட, "பத்திரமா எடு"ன்னு பக்கத்துலயே நின்னார்.

பிறந்தநாள் வாழ்த்துகள் கலை. ரொம்ப ரொம்ப நல்லா இரு.

அந்தச் சாஞ்ச பிள்ளை இன்னும் சாஞ்சேதான் நிக்குது. குலை தள்ளியிருக்கு. உனக்குன்னு சொல்லி அப்பா யாரையும் கை வைக்க விடல. இந்த ஞாயிறு வந்துரு. 💚