டெல்லிக் காற்று: எட்டாம் வகுப்புக்கு 80 நிமிடப் பாடத் திட்டம்

டீச்சர், நீங்கள் அனுப்பிய 24 ஸ்லைடையும் பார்த்தேன். தகவல் எல்லாம் சரியாக இருக்கிறது, படங்களும் நல்ல தேர்வு. ஆனால் பிள்ளைகளுக்குக் கேள்வி வருவதற்கு முன்பே ஒவ்வொரு ஸ்லைடும் பதிலைச் சொல்லிவிடுகிறது. வண்டி வருஷம் முழுக்கத்தான் ஓடுகிறது, அப்புறம் ஏன் நவம்பரில் மட்டும் மூச்சு முட்டுகிறது? டெல்லியில் வளரும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் இதுதான் உண்மையான கேள்வி. அதற்கான விடை உங்கள் 17ஆம் ஸ்லைடில் இரண்டே வரியில் போய்விடுகிறது. அதை நடுவில் வைத்துத்தான் இந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை உங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு பீரியட் இருப்பதால் 80 நிமிடத்துக்குக் கணக்கு. 36 பேர், ஆறு குழு.

0–8 நிமிடம். ஸ்லைடு வேண்டாம்

புரொஜெக்டரைப் போடாதீர்கள். ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு. காற்று மிக மோசமாக இருக்கும் மாதம் எது, ஏன் என்று ஒரே வரியில் எழுதட்டும். பெரும்பாலும் "தீபாவளிப் பட்டாசு", "பஞ்சாபில் வைக்கோல் எரிக்கிறார்கள்" என்றுதான் வரும். சரி, தப்பு என்று எதுவும் சொல்லாமல் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

8–18 நிமிடம். ஸ்லைடு 5, 6

1 முதல் 4 வரை உள்ள வரையறை ஸ்லைடுகளை விட்டுவிடலாம், அது புத்தகத்திலேயே இருக்கிறது. PM2.5 என்றால் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள துகள் என்று 5ஆம் ஸ்லைடு சொல்கிறது, ஆனால் மைக்ரோமீட்டர் எவ்வளவு சிறியது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. போர்டில் ஒரு மைக்ரோமீட்டரை ஒரு சென்டிமீட்டராக வைத்து வரையச் சொல்லுங்கள். தலைமுடியின் தடிமன் 70 சென்டிமீட்டர் வட்டம், PM10 பத்து சென்டிமீட்டர், PM2.5 இரண்டரை சென்டிமீட்டர். மூன்று பேர் வந்து வரையட்டும். மூக்கு முடியும் சளியும் பெரிய துகளைப் பிடித்துவிடும், இந்தச் சின்னது நுரையீரலின் ஆழம் வரை போய்விடும் என்பதை அந்த வட்டங்களைக் காட்டியே சொல்லலாம்.

18–38 நிமிடம். ஸ்லைடு 9, 10: AQI என்ற காற்றுத் தரக் குறியீட்டுக் கணக்கு

உங்கள் ஸ்லைடில் வண்ண அட்டவணை அழகாக இருக்கிறது, ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்பது இல்லை. எட்டாம் வகுப்புக்கு இந்தக் கணக்கு தாராளமாக வரும். சூத்திரத்தை 10ஆம் ஸ்லைடில் சேர்த்துவிடுங்கள்:

```
I = (Ihi − Ilo) / (Bhi − Blo) × (C − Blo) + Ilo
```

C என்பது அளந்த அளவு, B இரண்டும் அது விழும் வரம்பின் இரு முனைகள், I இரண்டும் அதற்கான AQI முனைகள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொருள், அதாவது ஒரே பொருளை இரண்டு குழு போடும், விடையை ஒப்பிட்டுக்கொள்ளலாம். எல்லாம் கன மீட்டருக்கு மைக்ரோகிராம்:

PM2.5 அளவு 105. வரம்பு 91–120, AQI 201–300. விடை 249.
PM10 அளவு 180. வரம்பு 101–250, AQI 101–200. விடை 153.
நைட்ரஜன் டை ஆக்சைடு 60. வரம்பு 41–80, AQI 51–100. விடை 75.

கணக்குக்கு 12 நிமிடம் கொடுங்கள். அப்புறம் "இன்றைய AQI எவ்வளவு?" என்று கேளுங்கள். நிறையப் பேர் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 159 என்பார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மூன்றில் மிகப் பெரியதுதான் AQI, ஆகவே 249, 'மோசம்' என்ற வகை. சராசரி எடுத்தால் 'மிதமானது' என்று வந்துவிடும், PM2.5 செய்யும் கெடுதல் மறைந்துபோகும். ஏன் பெரியதை எடுக்கிறோம் என்று பிள்ளைகளே சொல்லும்வரை காத்திருங்கள், இரண்டு மூன்று பேராவது சொல்லிவிடுவார்கள்.

38–42: மணி அடிக்கும் நேரம், தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். நீங்கள் மேசையைத் தயார் செய்யுங்கள்.

42–60 நிமிடம். பாட்டில் சோதனை, பிறகு ஸ்லைடு 16, 17

இந்தப் பாடத்தின் உயிரே இதுதான், வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். ஒரே அளவு வாயுள்ள நான்கு கண்ணாடி பாட்டில். இரண்டில் சிவப்புச் சாயம் கலந்த சூடான தண்ணீர், இரண்டில் நீலச் சாயம் கலந்த ஐஸ் தண்ணீர், விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும், ஸ்டாஃப் ரூம் ஃபிளாஸ்க்கிலிருந்து எடுக்கலாம். பழைய அழைப்பிதழ் அட்டையால் வாயை மூடி, ஒன்றைக் கவிழ்த்து மற்றதன் மேல் வைத்து, அட்டையை உருவ வேண்டும். கவிழ்ப்பதை நீங்களே செய்யுங்கள், கீழே ஒரு தட்டு இருக்கட்டும்.

முதல் ஜோடியில் நீலம் மேலே, சிவப்பு கீழே. அட்டையை எடுத்ததும் கலந்து ஊதாவாகிவிடும். வெயில் காலப் பகலில் தரை சூடாகி, காற்று மேலே எழுந்து, புகையையும் தூக்கிக்கொண்டு போவது இப்படித்தான். இரண்டாவது ஜோடியில் சிவப்பு மேலே, நீலம் கீழே. அட்டையை எடுப்பதற்கு முன் நிறுத்தி, என்ன ஆகும் என்று கை தூக்கச் சொல்லுங்கள். எடுத்தால் இரண்டும் அப்படியே நிற்கும்.

இப்போது 17ஆம் ஸ்லைடைப் போடலாம். குளிர்கால இரவு நீளம், தரை சீக்கிரம் குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது, அதன் மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடுகிறது. இதுதான் வெப்பத் தலைகீழ் மாற்றம். காற்று வீசுவதும் குறைவு. ஜூலையில் மழை துகளைக் கழுவிவிடும், நவம்பரில் அதுவும் கிடையாது. புகை விடுவது அதே நகரம்தான், வெளியேற வழியில்லை.

60–73 நிமிடம். ஸ்லைடு 12–15: மாதப் பட்டை

14ஆம் ஸ்லைடில் வைக்கோல் எரிப்பதுதான் முதன்மைக் காரணம் என்று இருக்கிறது, அந்த வரியை எடுத்துவிடுங்கள். அது அக்டோபர், நவம்பரோடு பெரும்பாலும் முடிந்துவிடும், ஆனால் டிசம்பர், ஜனவரியிலும் காற்று கெட்டுத்தானே கிடக்கிறது? தரையில் சாக்கட்டியால் 12 மாதக் கட்டம். வண்டி, கட்டட வேலைத் தூசு, பட்டாசு, வைக்கோல், குளிர் காய மூட்டும் நெருப்பு, கோடைப் புழுதிக் காற்று என்று குழுவுக்கு ஒரு பொருளின் சீட்டுக்கட்டு, எந்தெந்த மாதத்தில் வைப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும். விவசாயியைத் திட்டி யாராவது பேசினால், நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்குள் அவருக்குக் கிடைப்பது சில வாரம்தான் என்பதையும், நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாப் 2009இல் கொண்டுவந்த சட்டம் நெல் நடவைத் தள்ளிப்போட்டதால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கியதையும் சொல்லுங்கள்.

73–80 நிமிடம். சீட்டைத் திருப்பிக் கொடுப்பது

முதலில் எழுதியதற்குக் கீழே, இப்போது எதை மாற்றுவீர்கள் என்று எழுதட்டும். மார்க் வேண்டாம். 'மூடி', 'மேலே போகவில்லை' என்ற மாதிரி ஏதாவது வந்திருந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டுப் பாடம்: ஐந்து நாள் காலை 8 மணிக்கும் மதியம் 3 மணிக்கும், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தின் PM2.5 அளவைச் சமீர் ஆப்பில் பார்த்துக் குறித்து வரட்டும். போன் இல்லாத வீட்டுப் பிள்ளையை ஆர்.கே.புரத்திலோ ஆனந்த் விஹாரிலோ இருக்கும் தோழனோடு ஜோடி சேர்த்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. 20ஆம் ஸ்லைடில் இருக்கும் கறுத்த நுரையீரல் படம் வேண்டாம். உங்கள் வகுப்பில் இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைப் பயமுறுத்திப் பாடம் நடத்த அவசியமில்லை. நேரம் போதாவிட்டால் மாதப் பட்டையை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுங்கள். பாட்டிலும் சாயமும் லேபில் இருக்கிறது, ஐஸுக்கு மட்டும் காலையிலேயே கேன்டீனில் சொல்லி வையுங்கள்.